படத்தில் பருத்தி, பார்சலில் பாலியஸ்டர்

அக்கா மகள் தீபாவளிக்காக ஆன்லைனில் ஒரு சுடிதார் செட் வாங்கினாள். விலை 1,499 ரூபாய். கடையின் பக்கத்தில் 'சுத்தமான காட்டன், மெரூன் நிறம்' என்று போட்டிருந்தது. பார்சலைப் பிரித்தால் வழுவழுவென்று ஒரு துணி. நிறமோ மெரூனும் இல்லை, சிவப்பும் இல்லை. பீட்ரூட் பொரியலைப் பார்த்த மாதிரி இருந்தது.

கோபத்தில் உடனே கடைக்கு எழுதிவிட்டாள். "படத்துல ஒண்ணு காட்டிட்டு வேற ஒண்ணு அனுப்புறீங்களே, கலரே வேற, மட்டமான துணி, இனிமே உங்க கடைப் பக்கமே வரமாட்டேன்." மறுநாள் பதில் வந்தது: 'வெளிச்சத்தையும் திரையையும் பொறுத்து நிறம் சற்றே மாறித் தெரியலாம். சிரமத்துக்கு வருந்துகிறோம்.' துணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கடைக்காரர் கெட்டிக்காரர்தான். கடிதத்தில் இருந்த இரண்டு புகார்களில் தமக்கு வசதியானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டார். நிறம் என்பது வாதாடக்கூடிய விஷயம். ஸ்டுடியோ விளக்கில் எடுத்த படம் ஒரு மாதிரி தெரியும். அதே படம் இரண்டு போன்களில் இரண்டு மாதிரி தெரியும். துணி அப்படியல்ல. 'காட்டன்' என்று எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வந்த உடையில் கழுத்துக்குக் கீழே தைத்திருந்த லேபிளோ '100% பாலியஸ்டர்' என்றது. எழுத்துக்கு எழுத்து. இதில் வெளிச்சத்தைக் குறை சொல்ல முடியாது.

எனவே இரண்டாவது கடிதத்தில் துணியை முன்னால் வைத்தோம்:

"ஆர்டர் எண் இது. உடை 12ஆம் தேதி கைக்கு வந்தது. உங்கள் பக்கத்தில் 'சுத்தமான காட்டன்' என்று உள்ளது (படம் 1). உடையின் லேபிளில் '100% பாலியஸ்டர்' என்று உள்ளது (படம் 2). நிறம் 'மெரூன்' என்று எழுதியிருக்கிறீர்கள். வந்திருப்பது இளஞ்சிவப்பு கலந்த ஊதா (படம் 3). உடையை அணியவில்லை, துவைக்கவில்லை. விலைச்சீட்டு அப்படியே இருக்கிறது. விளம்பரத்தில் சொன்ன பொருள் இதுவல்ல என்பதால், உங்கள் செலவில் திரும்பப் பெற்றுக்கொண்டு 1,499 ரூபாயை முழுமையாகத் தரவும்."

படம் 1 கடைப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட். இதை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். புகார் போன பிறகு 'காட்டன்' என்ற சொல் அங்கிருந்து காணாமல் போகலாம். படம் 3ஐ பகலில், ஜன்னலோரத்தில், ஃப்ளாஷ் போடாமல் எடுத்தோம். உடைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் வைத்தோம். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் நிறமும் ஏறத்தாழ உண்மையாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

லேபிளே இல்லாவிட்டால்? நூலைக் கொளுத்திப் பார்ப்பது பழைய வழி. பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். ஆனால் தையல் நூலைக் கொளுத்தி ஏமாறக் கூடாது. காட்டன் உடையைக்கூடப் பெரும்பாலும் பாலியஸ்டர் நூலால்தான் தைக்கிறார்கள். உள்மடிப்பின் ஓரத்தில் பிரிந்து நிற்கும் துணியின் இழைதான் வேண்டும். வெட்டி எடுத்தால், உடை சேதமாகிவிட்டது என்று திருப்பி வாங்க மறுக்க அவர்களுக்கு வழி கொடுத்ததாகிவிடும்.

இன்னொரு இடத்திலும் பலர் தவறுகிறார்கள். திருப்பி அனுப்பக் காரணம் கேட்கும்போது அவசரத்தில் 'பிடிக்கவில்லை' என்று தட்டிவிடுகிறார்கள். பிடிக்காதது நம் விருப்பம். 'விவரத்தில் உள்ளபடி இல்லை' என்பது அவர்கள் தவறு. தேர்வு செய்ய வேண்டியது இரண்டாவதை.

இதற்குச் சட்டத்தின் துணை உண்டு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. 'ரிட்டர்ன் கிடையாது' என்று பக்கத்தில் போட்டிருந்தாலும் இது மாறாது. ஆன்லைன் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அதனால்தான் கடிதத்தை அந்த அலுவலரின் முகவரிக்கே அனுப்பினோம்.

ஒன்பதாம் நாள் பணம் வங்கிக் கணக்குக்கு வந்தது. வராமல் போயிருந்தால் அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால், நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

அடுத்த முறை பார்சலைப் பிரித்ததும் கண்ணாடி முன்னால் போகாதீர்கள். முதலில் லேபிளைப் படியுங்கள்.