1932இல் ஒரு கும்பகோணத்துக் குடும்பம்

கற்பனைக் குடும்பம் ஒன்றை 1932இன் கும்பகோணத்தில் குடியேற்றுகிறார் ஓர் எழுத்தாளர். அப்பா இரண்டு கிலோ அரிசி வாங்கி, மீதி ஐம்பது பைசாவை மடியில் முடிந்துகொள்கிறார். அங்கேயே கதை பிசகிவிட்டது. அன்று அரிசியைப் படியால் அளந்தார்கள். ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. நூறு பைசா கணக்கு 1957இல்தான் வந்தது.

பொருள்களை அன்றைய விளம்பரங்களைப் பார்த்துத் திருத்திவிடலாம். மனப்போக்கைத் திருத்துவதுதான் கடினம்.

பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. “இருபது வயசுக்கு அப்புறம் கல்யாணம் பண்ணலாம்” என்று அப்பா சொன்னால் இன்றைய வாசகருக்குப் பிடிக்கும். ஆனால் பெண்ணின் மண வயதைப் பதினான்காக்கிய சாரதா சட்டம் 1930இல்தான் அமலுக்கு வந்திருந்தது. அதைத் தவிர்க்கப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய் மணம் முடித்தவர்களும் உண்டு.

ஆகவே அந்த வீட்டுச் சண்டை வேறு மாதிரி இருக்கும். பாட்டி ஊர்ப்பேச்சுக்கு அஞ்சுவாள். அப்பா அபராதத்துக்கு அஞ்சுவார். “ரெண்டு வருஷம் பொறுத்துக்கலாமே” என்று அம்மா சமையலறையிலிருந்து சொல்வாள். அன்றைக்கு அதுவே துணிச்சல்.