இடம் இருந்தும் இறங்காத கேம்

ஒரு கேம் மொபைலில் ஏறுமா என்பதைக் காலி இடம் மட்டும் தீர்மானிப்பதில்லை. இடம் போதுமா என்ற கேள்வி வருவதற்கு முன்பே, அந்த மொபைலுக்கு அந்தக் கேமைக் கொடுக்கலாமா என்று பிளே ஸ்டோர் பார்த்துவிடுகிறது. அங்கே கணக்கில் வருபவற்றில் ஒன்று மொபைலின் கிராபிக்ஸ் திறன்.

ஆண்ட்ராய்டு ஆப் ஒவ்வொன்றிலும் அதன் தேவைகளைச் சொல்லும் ஒரு ஃபைல் உண்டு. புதிய கேம் ஒன்றில் இப்படி ஒரு வரி இருக்கலாம்:

```xml
<uses-feature android:glEsVersion="0x00030001" android:required="true" />
```

கேம் கிராபிக்ஸ் சிப்புக்கு இடும் கட்டளைகளின் தொகுப்புதான் ஓபன்ஜிஎல் இஎஸ். அதில் 3.1 பதிப்பாவது வேண்டும் என்கிறது இந்த வரி. மொபைலும் தன் பங்குக்கு ஒரு எண்ணை வைத்திருக்கிறது. யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கம்ப்யூட்டருடன் இணைத்து, இந்தக் கட்டளையைக் கொடுத்தால் அது தெரியும்:

```
adb shell getprop ro.opengles.version
```

131072 என்று வந்தால் 2.0, 196608 என்றால் 3.0, 196609 என்றால் 3.1.

மீடியாடெக்கின் எம்டி6580 சிப் உள்ள மலிவு மொபைல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதில் கிராபிக்ஸைக் கவனிப்பது மாலி-400. அதன் எண் 131072. கேம் கேட்பதோ 196609. மொபைலின் எண் சிறியது என்பதால், பல ஜிபி காலியாக இருந்தாலும் கேம் கிடைக்காது. ஸ்டோரில் தேடும்போது கண்ணில் படாமலே போகலாம். பட்டாலும், இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது என்ற அறிவிப்புதான் வரும். இடப் பற்றாக்குறை என்றால் அறிவிப்பே வேறு: எதையாவது நீக்கி இடம் ஒதுக்கச் சொல்லும். இந்த வேறுபாட்டைக் கவனித்தால், போட்டோக்களை வீணாக அழிக்க வேண்டியிருக்காது.

ஆண்ட்ராய்டைப் புதுப்பித்தால் சரியாகுமா? மாலி-400 விஷயத்தில் ஆகாது. 3.1 பதிப்பு, படம் வரைவதோடு பொதுவான கணக்குகளையும் கிராபிக்ஸ் சிப்பே போடும் என்று எதிர்பார்க்கிறது. மாலி-400இல் உருவங்களின் முனைப்புள்ளிகளைக் கணக்கிட ஒரு பகுதியும், திரைப்புள்ளிகளுக்கு நிறம் கொடுக்க வேறு பகுதியும் தனித்தனியாக அமைந்திருக்கின்றன. பொதுக் கணக்குகளை ஒப்படைக்க அதில் பகுதியே இல்லை. எந்த அப்டேட்டும் சிலிக்கானில் அதை உருவாக்கித் தராது. சில சிப்களில் திறன் இருந்தும் டிரைவர் மட்டும் பழையதாக இருக்கும். அவற்றுக்கு அப்டேட் கைகொடுக்கலாம், ஆனால் சிப் நிறுவனம் டிரைவரைத் தயாரித்து, மொபைல் நிறுவனம் அதை அனுப்ப வேண்டும்.

ஏபிகே ஃபைலை வேறு வழியில் வாங்கிப் போடுபவர்களும் உண்டு. கேம் அப்படி ஏறிவிடவும் கூடும். ஏனென்றால் இந்த வரியைச் சரிபார்ப்பது ஸ்டோர்தான், ஆண்ட்ராய்டு தானாகச் சரிபார்ப்பதில்லை. ஆனால் திறந்ததும், சிப்புக்குத் தெரியாத கட்டளையைக் கேம் அனுப்பும். பெரும்பாலும் கறுப்புத் திரை வரும், அல்லது கேம் அப்படியே மூடிக்கொள்ளும்.

எண் பொருந்தினாலும் கேம் வேகமாக ஓடும் என்று அர்த்தமில்லை. கட்டளை புரியும் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. எத்தனை வேகத்தில் நிறைவேறும் என்பதைச் சொல்வதில்லை.