நண்பருக்கு ஒரு விளக்கு

எனது நண்பர் ஒருவர் தமது 47ஆவது வயதில் சட்டம் பயிலத் தொடங்கினார். பகலில் கந்தோர் வேலை; இரவு எட்டு மணி முதல் பதினொரு மணி வரை படிப்பு. அவருக்கு நல்ல பேனா ஒன்று பரிசளிக்க எண்ணியே ஓர் இரவு அவர் வீடு சென்றேன்.

அவரோ புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சோர்ந்திருந்தார். “இரண்டு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. மூளை கிழடு தட்டிவிட்டது, விட்டுவிடலாமென்று நினைக்கிறேன்” என்றார்.

நான் மேசையைப் பார்த்தேன். விளக்கு அவருக்குப் பின்னே சுவரில் எரிந்தது. அவருடைய தலையின் நிழலே பக்கத்தின்மேல் விழுந்து கிடந்தது. நாற்பதைத் தாண்டினால் கண்வில்லையின் நெகிழ்ச்சி குறைகிறது. கண்மணியும் முன்போல் விரிவதில்லை. இளைஞன் வாசிக்கும் ஒளி நம்மவர்க்குப் போதாது. நான் பேனாவை மறந்தேன்.

மறுநாள் கடையில், கழுத்து வளையக்கூடியதும் மூடியுள்ளதுமான மேசை விளக்கொன்றையும் 7 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழொன்றையும் தெரிந்தெடுத்தேன். எரியும் குமிழின் கீழே பென்சிலொன்றை விரைவாக ஆட்டிப் பார்த்தேன். பல பென்சில்கள் தனித்தனியே தெரிந்தால் அந்த ஒளி துடிக்கிறது என்று பொருள். அது சிலருக்குத் தலைவலி தரும். முதற் குமிழ் அப்படியே இருந்தது. இரண்டாவதில் பென்சில் மங்கிய ஒரே விசிறியாய்த் தெரிந்தது. அதையே வாங்கினேன்.

ஆயினும் விளக்கை அவருக்கு நேர் முன்னே வைத்தபோது வழவழப்பான பக்கங்கள் பளபளத்துக் கண்ணைக் கூசின. பக்கத்தின்மேல் சிறு முகக்கண்ணாடியொன்றைக் கிடத்தினோம். அதில் குமிழ் தெரிந்தது. தெரியாத இடம் வரும்வரை விளக்கை நகர்த்தினோம். அவர் வலக்கையால் எழுதுபவராதலின் அது இடப்பக்கமாக அமைந்தது. எழுதும் கையின் நிழலும் எழுத்தின்மேல் விழவில்லை. பின்னர் மூன்றடி உயரத்தில் நின்ற விளக்கின் தலையை ஒன்றரை அடிக்கு இறக்கினோம். தூரம் பாதியானால் ஒளி ஏறக்குறைய நான்கு மடங்காகும். சுவர் விளக்கையும் அணைக்கவில்லை. சுற்றிலும் இருள் சூழ்ந்திருக்க ஒளிர்கின்ற தாளை மட்டும் நோக்கினால் கண் விரைவில் களைத்துவிடும்.

ஒன்று சொல்லவேண்டும். விளக்கு கண்ணாடிக்கு ஈடாகாது. புத்தகத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தே அவர் வாசித்தார். ஆகவே கண்பரிசோதனைக்கும் அழைத்துச் சென்றேன். வாசிப்புக் கண்ணாடி எழுதித் தந்தார்கள்.

ஒரு மாதத்தின்பின் சென்றேன். மணி பத்தரை. என்னைக் கண்டும் அவர் எழவில்லை. “சற்றுப் பொறும், இந்த அத்தியாயம் முடியட்டும்” என்றார். நான் மகிழ்ச்சியோடு காத்திருந்தேன்.