எண்ணெய்க்கு என்ன பெயர் வைப்பது?

மரச்செக்கு எண்ணெய் விற்க இறங்கும் பலருக்கும் முதலில் தோன்றும் பெயரில் சுத்தம், தூய்மை, அசல், இயற்கை ஆகிய சொற்களில் ஒன்று இருக்கும். வாங்குபவரின் பயம் கலப்படம்தான். பெயரிலேயே ‘சுத்தம்’ என்று சொல்லிவிட்டால் அந்தப் பயம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். ஆனால் கடை அலமாரியில் இருக்கும் அத்தனை எண்ணெயும் அதைத்தான் சொல்கிறது; கலப்பட எண்ணெயும் அதையேதான் சொல்லும். எல்லோரும் சொல்லும் சொல்லால் உங்கள் பாட்டிலை யாரும் அடையாளம் காணப் போவதில்லை.

சட்டமும் இந்தச் சொற்களுக்கு இடம் கொடுப்பதில்லை. 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி, பொருளின் வகையையோ தரத்தையோ பயனையோ மட்டும் சொல்லும் பெயரைப் பொதுவாகப் பதிவு செய்ய முடியாது. நீண்ட காலப் பயன்பாட்டால் மக்கள் அதை ஒருவருக்கே உரிய பெயராக அறிந்திருந்தால்தான் விலக்கு. இதற்கு முன்பிருந்த சட்டத்தின் காலத்திலேயே ‘ரசோய்’ என்ற வனஸ்பதிப் பெயர் இந்தத் தடையில் சிக்கியது. அந்தச் சொல்லுக்குச் சமையல் என்றுதானே பொருள், அதை ஒருவருக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது என்பதே 1955இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாடு. பதிவு கிடைத்துவிட்டாலும் பாதுகாப்பு உறுதியில்லை. எண்ணெய் குறைவாக உறிஞ்சப்படும் என்ற பொருளில் மாரிக்கோ நிறுவனம் ‘லோசார்ப்’ என்ற பெயரைப் பதிந்து வைத்திருந்தது. போட்டி நிறுவனம் ஒன்று தன் எண்ணெயில் ‘லோ அப்சார்ப்’ தொழில்நுட்பம் என்று அச்சிட்டபோது மாரிக்கோ தடை கேட்டது. 2010இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை தர மறுத்துவிட்டது.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகள் இன்னொரு வேலி. ‘சுத்தமான’ என்ற சொல்லை, வேறெதுவும் சேர்க்காத ஒற்றைப் பொருளுக்குத்தான் பயன்படுத்தலாம். நல்லெண்ணெய் ஆட்டும்போது எள்ளோடு கருப்பட்டி சேர்ப்பது நம் ஊர் வழக்கம். அந்த எண்ணெய்க்கு இந்தச் சொல் பொருந்துமா என்ற கேள்வி உடனே எழும். வணிகப் பெயரில் இப்படிப்பட்ட அடைமொழி இருந்து அது வாங்குபவரைத் தவறாக எண்ணவைக்கும் என்றால், ‘இது வணிகப் பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதல்ல’ என்ற பொருளில் ஒரு வரியைக் குறைந்தது 3 மில்லிமீட்டர் உயர எழுத்தில் அச்சிட வேண்டும். சுத்தத்தைக் காட்ட வைத்த பெயர், சுத்தத்தை மறுக்கும் வரியோடு கடைக்குப் போகும்.

சரி, ‘தெளிவு’, ‘ஸ்படிகம்’ போன்ற பெயர்கள் வைக்கலாமா? இவை சுத்திகரித்த எண்ணெய்க்குப் பொருந்தும் பெயர்கள். செக்கெண்ணெயைப் படியவைத்துத் தெளிந்ததை எடுத்து வடிகட்டினாலும், சில நாளில் பாட்டிலின் அடியில் மெல்லிய கசடு தங்கக்கூடும். தேங்காய் எண்ணெயோ ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்து வெள்ளையாகிவிடும். ‘தெளிவு’ என்ற பெயரை நம்பி வாங்கியவர் மார்கழிக் காலையில் அதைப் பார்த்தால் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார். செக்கெண்ணெயின் நேர்மை அதன் மணத்திலும் நிறத்திலும் விதையின் பக்குவத்திலும் இருக்கிறது. பெயர் அந்தப் பக்கம் கை காட்ட வேண்டும்.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். காங்கேயம் பக்கம் ஒருவர் கடலை, எள், தேங்காய் ஆகிய மூன்று எண்ணெய்களை 200 மில்லி, அரை லிட்டர், ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் என நான்கு அளவில் விற்கப் போகிறார். மொத்தம் பன்னிரண்டு பாட்டில்கள். ‘எள்ளுப்பூ’ அழகான பெயர்தான், ஆனால் மற்ற இரண்டு எண்ணெய்க்கு ஒட்டாது. செக்கு செய்யும் மரம் என்பதால் ‘வாகை’ நன்றாக இருக்கிறது; ஆனால் ‘வாகை மரச்செக்கு’ என்பது இந்தத் தொழிலில் பலரும் எழுதும் தொடர். ‘களத்துமேடு’ என்று வைத்துப் பார்ப்போம். எள்ளும் கடலையும் கொப்பரையும் செக்குக்குப் போகும் முன் காய்வது களத்தில்தான். சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், எண்ணெய் காறும். சுத்தம் என்ற சொல் இல்லாமலே, சுத்தம் தொடங்கும் இடத்தை இந்தப் பெயர் நினைவூட்டுகிறது. அதே சமயம் எண்ணெயின் தரத்தை நேராகச் சொல்லாததால், பதிவுக்கான வாய்ப்பும் கூடுகிறது. சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பில் வரும். அந்த வகுப்பில் இதே ஒலியில் வேறு பெயர் இருக்கிறதா என்று பதிவகத்தின் இணையத் தேடலில் முதலில் பார்க்க வேண்டும். பதிவு பத்து ஆண்டுக்கு நிற்கும், பிறகு புதுப்பிக்கலாம்.

அடுத்தது அளவு. இங்கே பலரும் சறுக்குவது ‘சில்வர்’, ‘கோல்ட்’, ‘பிரீமியம்’ என்று அளவுக்குப் பெயர் வைப்பதில்தான். வாங்குபவர் அதை அளவாகப் படிப்பதில்லை, தரமாகப் படிக்கிறார். ஐந்து லிட்டர் ‘கோல்ட்’ என்றால், அரை லிட்டரில் இருப்பது மட்டமான எண்ணெய் என்று ஆகிவிடுகிறது. ஒரே செக்கில் ஒரே நாளில் ஆட்டிய எண்ணெயை நாமே இரண்டு தரமாக்கிக் காட்டியதுதான் மிச்சம். உழக்கு, படி என்ற பழைய அளவுகள் மனதுக்கு நெருக்கமானவை. ஆனால் 2009ஆம் ஆண்டு எடையளவுச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, மெட்ரிக் அல்லாத அலகில் அளவைக் குறிப்பதைத் தடுக்கிறது. படியின் கொள்ளளவும் ஊருக்கு ஊர் வேறுபட்டது.

எண்ணையே சொன்னால் போதாதா? அச்சில் போதும், பேச்சில் போதாது. “கடலை எண்ணெய் ரெண்டு அனுப்புங்க” என்று போனில் சொன்னால் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டா, இரண்டு லிட்டரா? எண்ணிக்கையும் அளவும் குழம்பும் இந்த இடத்துக்காகத்தான் அளவுப் பெயர் தேவைப்படுகிறது. நம் மாதிரிக்கு கைப்பிடி, அடுப்படி, வீடு, பந்தி என வைக்கலாம். நான்கும் சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகின்றன, எதுவும் தரத்தைச் சொல்லவில்லை. “களத்துமேடு கடலை, வீடு ரெண்டு” என்றால் கடைக்காரர் தடுமாற மாட்டார். அச்சடிக்கும் முன் இந்த நான்கு சொற்களையும் சீட்டில் எழுதி, தொழிலோடு தொடர்பில்லாத சிலரிடம் கொடுத்து அளவு வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். பலர் ஒரே இரண்டை மாற்றி வைத்தால் அந்தச் சொல்லை மாற்றிவிட வேண்டும். நிறத்தை எண்ணெய் வகைக்கு மட்டும் ஒதுக்குங்கள்: கடலைக்கு ஒன்று, எள்ளுக்கு ஒன்று, தேங்காய்க்கு ஒன்று. அளவுக்கும் நிறம் கொடுத்தால் இரண்டும் குழம்பும்.

அளவுப் பெயருக்குப் பக்கத்திலேயே எண் பெரிதாக நிற்க வேண்டும். அதுவும் ஒரே அலகில். செக்கில் கிலோவாகவும் கடையில் லிட்டராகவும் எண்ணெய் விற்கிறது. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம்தான். ஒரு பாட்டிலில் ஒரு லிட்டர் என்றும் இன்னொன்றில் ஒரு கிலோ என்றும் போட்டால், விலையை ஒப்பிடுபவர் நம்மைத்தான் சந்தேகிப்பார். கனஅளவோடு எடையையும் சேர்த்து, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் போடுமாறு 2022இல் மத்திய நுகர்வோர் துறை எண்ணெய் நிறுவனங்களுக்குச் சொன்னதும் இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

பெயரால் நம்பிக்கையைத் தொடங்கிவைக்க மட்டுமே முடியும். மீதியைப் பாட்டிலின் பின்பக்கம் சொல்ல வேண்டும்: விதை எந்த ஊரில் வாங்கியது, செக்காட்டிய தேதி என்ன, கருப்பட்டி சேர்த்ததா இல்லையா, அடியில் கசடு தங்கினால் அது ஏன். இந்த நான்கும் வாங்குபவர் கேட்டுச் சரிபார்க்கக்கூடிய விவரங்கள். ‘சுத்தம்’ என்ற சொல்லுக்கு ஒதுக்க நினைத்த இடத்தை இவற்றுக்குக் கொடுங்கள்.