ஒரே பங்குக்கு இரண்டு விலை

‘நியூயார்க்கில் இன்ஃபோசிஸ் ஏடிஆர் 4 சதவீதம் சரிவு’ என்பது போன்ற ஒரு வரி, காலையில் வணிகச் சேனல்களின் அடியில் ஓடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒன்பதே காலுக்கு மும்பைச் சந்தை திறந்ததும் இன்ஃபோசிஸ் பங்கு அங்கேயும் பெரும்பாலும் இறங்கித்தான் தொடங்கும். பெங்களூரில் தலைமையகம் உள்ள ஒரு நிறுவனத்துக்கு, நாம் தூங்கும் நேரத்தில் அமெரிக்கர்கள் எப்படி விலை வைக்கிறார்கள்? அங்கே கைமாறுவது நம் டீமேட் கணக்கில் இருக்கும் அதே பங்குதானா?

அதே பங்கு இல்லை; அதன் ரசீது. ஒரு நிறுவனம் வெளிநாட்டுச் சந்தையில் தலைகாட்ட இரண்டு வழிகள் உண்டு. பங்கையே நேரடியாக அந்தச் சந்தையிலும் பட்டியலிடலாம். அல்லது பங்கைச் சொந்த நாட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு, அதற்கான ரசீதை வெளிநாட்டில் விற்கலாம். நெல்லைக் கிடங்கில் போட்டுவிட்டு, ரசீதை மட்டும் கைமாற்றும் வியாபாரத்தைப் போன்றது இந்த இரண்டாவது வழி. அமெரிக்காவில் விற்கப்படும் இப்படிப்பட்ட ரசீதுக்கு ஏடிஆர் என்று பெயர். 1927-ல் ஜே.பி. மார்கன் வங்கி, லண்டனின் செல்ஃப்ரிட்ஜஸ் கடையின் பங்குகளை அமெரிக்கர்கள் வாங்குவதற்காக முதல் ஏடிஆரை வெளியிட்டது.

இன்ஃபோசிஸ் 1999 மார்ச்சில் நாஸ்டாக்கில் பட்டியலானது. இந்தியாவில் பதிவு செய்யப்பட்ட நிறுவனங்களில் அங்கே முதலில் போனது அதுதான். 2012 டிசம்பரில் நியூயார்க் பங்குச் சந்தைக்கு மாறியது. INFY என்ற குறியீட்டில் இன்றும் அங்கே வர்த்தகமாகிறது. இதன் ஏற்பாட்டில் இரண்டு வங்கிகளுக்கு வேலை இருக்கிறது. இந்தியாவில் உள்ள காப்பாளர் வங்கி பங்குகளைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் உள்ள டெபாசிட்டரி வங்கி அந்தப் பங்குகளைக் காட்டி ஏடிஆர்களை வெளியிடுகிறது. இன்ஃபோசிஸின் பங்குதாரர் பட்டியலில் இந்தப் பங்குகளுக்கு நேரே டெபாசிட்டரி வங்கியின் பெயர்தான் இருக்கும். காலாண்டுதோறும் நிறுவனங்கள் பங்குச் சந்தைக்குக் கொடுக்கும் பங்குதாரர் விவரத்தில், ரசீதுகளுக்காக ஒதுங்கிய பங்குகள் எத்தனை என்பது தனி வரியாகவே வரும். யார் வேண்டுமானாலும் சந்தையின் இணையதளத்தில் அதைப் பார்க்கலாம்.

டிவிடெண்ட் அறிவித்தால், பணம் ரூபாயில் காப்பாளர் வங்கிக்குப் போகும். டெபாசிட்டரி அதை டாலராக்கி, வரியையும் தன் கட்டணத்தையும் கழித்துக்கொண்டு ஏடிஆர் வைத்திருப்பவருக்கு அனுப்பும். ஓட்டுப் போடுவதும் டெபாசிட்டரி வழியாகத்தான். ஆக, ஏடிஆர் வாங்கியவருக்கு நிறுவனத்தின் லாப நஷ்டத்தில் பங்கு உண்டு. ஆனால் அவருக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் எப்போதும் ஒரு வங்கி நிற்கிறது.

இனி விலைக்கு வருவோம். ஒரு ஏடிஆருக்குள் எத்தனை பங்கு என்பதை நிறுவனமும் வங்கியும் முன்கூட்டியே முடிவு செய்கின்றன. இன்ஃபோசிஸில் முதலில் இரண்டு ஏடிஆர் சேர்ந்தால்தான் ஒரு பங்கு. 2004-லிருந்து ஒன்றுக்கு ஒன்று. ஐசிஐசிஐ வங்கியில் ஒரு ஏடிஆர் இரண்டு பங்குகளுக்குச் சமம். இந்த விகிதத்தைப் பார்க்காமல் இரண்டு நாட்டு விலைகளை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மும்பையில் இன்ஃபோசிஸ் 1,500 ரூபாய், டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் 17.65 டாலர் வரும். நியூயார்க்கில் ஏடிஆர் 18 டாலருக்கு விற்றால், அது ரூபாயில் 1,530. அதாவது அமெரிக்கர் 2 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறார்.

இந்த இரண்டு சதவீதத்தில் பெரும்பகுதி நேரத்தால் வருவது. நியூயார்க் சந்தை திறக்கும்போது நமக்கு இரவு ஏழு மணி, குளிர்காலத்தில் எட்டு. மும்பையில் மூன்றரைக்கே கடை மூடியாகிவிட்டது. இடைப்பட்ட நேரத்தில் வந்த செய்திகள் எல்லாம் ஏடிஆர் விலையில்தான் முதலில் ஏறும். இன்ஃபோசிஸ் தன் காலாண்டு முடிவுகளை மும்பைச் சந்தை முடிந்த பிறகு வெளியிடுவது வழக்கம். அன்றிரவே நியூயார்க் தன் தீர்ப்பைச் சொல்லிவிடும். மறுநாள் காலை மும்பை அதைப் பார்த்துவிட்டுத் திறக்கும். செய்தியில் ஓடும் அந்த வரிக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

ஆனால் வித்தியாசம் 2 சதவீதத்தில் நிற்காமல் 20, 50 என்று போனால்? அப்படியும் நடந்திருக்கிறது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இன்ஃபோசிஸ் ஏடிஆர், மும்பை விலையைவிட 50 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்து விற்ற காலங்கள் உண்டு. அதே நிறுவனம், அதே லாபம். மும்பையில் மலிவாக வாங்கி ஏடிஆராக மாற்றி அமெரிக்காவில் விற்றால் கொள்ளை லாபம் அல்லவா? நாலு பேர் அதைச் செய்தாலே மும்பையில் விலை ஏறி, நியூயார்க்கில் இறங்கி, இரண்டும் சமமாகியிருக்க வேண்டும்.

ஆகவில்லை. அப்படி மாற்றுவதற்கு அப்போது வழியே கிடையாது. ஏடிஆரைக் கொடுத்துவிட்டு இந்தியப் பங்கை எடுத்துக்கொள்ளலாம். பங்கைக் கொடுத்து ஏடிஆர் வாங்க முடியாது. சாதாரண அமெரிக்க முதலீட்டாளர் மும்பைச் சந்தைக்குள் நேரடியாக வரவும் அனுமதி இல்லை. அவருக்கு எட்டும் இன்ஃபோசிஸ் அந்த ஏடிஆர்கள் மட்டும்தான். வாங்க ஆள் அதிகம், சரக்கு குறைவு, விலை ஏறியது.

2002-ல் ரிசர்வ் வங்கி எதிர்த்திசையையும் திறந்தது, ஒரு நிபந்தனையோடு: எத்தனை ஏடிஆர்கள் பங்காக மாறித் திரும்பி வந்தனவோ, அத்தனையை மட்டுமே மறுபடி ஏடிஆராக்கலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் கூடுதல் விலை போகும் ஏடிஆரை ரத்து செய்து, இங்கே வந்து குறைந்த விலைக்கு விற்க யாருக்குப் பைத்தியம்? யாரும் ரத்து செய்யாததால், புதிதாக உருவாக்கவும் இடம் கிடைக்கவில்லை. சட்டத்தில் வழி இருந்தும், உயர்ந்த விலையே அந்த வழியை அடைத்துவிட்டது. இன்ஃபோசிஸ் 2003, 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் இந்தியப் பங்குதாரர்களிடமிருந்து பங்குகளைத் திரட்டி, அவற்றை ஏடிஆராக அமெரிக்காவில் விற்று, அந்தப் பணத்தைச் செலவு போக அவர்களுக்கே கொடுத்தது. அமெரிக்காவின் கூடுதல் விலை உள்ளூர்ப் பங்குதாரருக்கும் கிடைத்தது அந்த ஏற்பாட்டில்தான்.

இதையே தலைகீழாகக் காட்டும் சம்பவம் நம் நாட்டிலேயே நடந்தது. 2010-ல் லண்டனின் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி, இந்தியர்களுக்கென ஐடிஆர் என்ற ரசீதை வெளியிட்டது. பத்து ஐடிஆர் ஒரு பங்குக்குச் சமம். ஒன்றின் விலை 104 ரூபாய். ஓராண்டு கழித்து ஐடிஆரைக் கொடுத்து லண்டன் பங்கை எடுத்துக்கொள்ளலாம், இரண்டு விலைகளும் நெருங்கிவிடும் என்று வாங்கியவர்கள் நம்பியிருந்தார்கள். 2011 ஜூன் 3 அன்று செபி ஒரு சுற்றறிக்கை விட்டது: சந்தையில் வர்த்தகம் மிகக் குறைவாக இருக்கும் ஐடிஆர்களை மட்டுமே பங்காக மாற்றலாம். ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் ஐடிஆர் நன்றாகவே வர்த்தகமாகிக்கொண்டிருந்தது. எனவே மாற்ற முடியாது. அடுத்த வர்த்தக நாளில் அதன் விலை கிட்டத்தட்ட 20 சதவீதம் விழுந்தது. லண்டனில் வங்கிக்கு ஒரு கெடுதலும் நேரவில்லை. அடைபட்டது மாற்றும் வழி மட்டும்தான். பிறகு அந்த வழியைப் பகுதியளவு திறந்துவிட்டார்கள். ஆனாலும் வேறெந்த வெளிநாட்டு நிறுவனமும் ஐடிஆர் வெளியிட முன்வரவில்லை. 2020-ல் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டும் அதைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது.

வழி இருபுறமும் திறந்திருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அலிபாபா உதாரணம். 2014 முதல் நியூயார்க்கில் ரசீதாகவும், 2019 முதல் ஹாங்காங்கில் நேரடிப் பங்காகவும் அது வர்த்தகமாகிறது. ஒரு ரசீது எட்டுப் பங்குகள். இதை அதுவாகவும் அதை இதுவாகவும் மாற்றலாம் என்பதால், ஹாங்காங் விலையை எட்டால் பெருக்கி டாலருக்கு மாற்றினால், நியூயார்க் விலைக்கு மிக அருகில் வந்து நிற்கும். சிறு இடைவெளி மட்டும் மிஞ்சும். மாற்றுவதற்கு டெபாசிட்டரி வங்கிகள் ஒரு ரசீதுக்கு 5 சென்ட் வரை கட்டணம் வாங்குவது வழக்கம். தரகும் வரியும் தனி. மாற்றி முடிப்பதற்குள் விலையும் நாணய மதிப்பும் நகர்ந்துவிடலாம். அந்தச் செலவையும் அபாயத்தையும் தாண்டாத இடைவெளியை மூட யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

வழி முழுதாக அடைபட்டால் என்ன ஆகும் என்பதை 2022 காட்டியது. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த சில நாட்களில், லண்டனில் ஸ்பெர்பேங்க் வங்கியின் ரசீது சில சென்ட்டுகளுக்கு விழுந்தது. மார்ச் 3 அன்று லண்டன் சந்தை ரஷ்ய நிறுவனங்களின் ரசீது வர்த்தகத்தையே நிறுத்தியது. அதே மாதக் கடைசியில் மாஸ்கோ சந்தை திறந்தபோது, ஸ்பெர்பேங்க் பங்கு நூறு ரூபிளுக்கு மேல் விற்றது. பங்குக்கு மதிப்பு இருந்தது. ரசீது வைத்திருந்த வெளிநாட்டவரால் அதைத் தொட முடியவில்லை. நடுவில் நின்ற வங்கிகளும் தடைகளும் இரண்டு அரசுகளின் ஆணைகளும் குறுக்கே இருந்தன.

இது நமக்கு எங்கோ நடக்கும் கதை அல்ல. இன்று செல்போன் செயலி வழியாக அமெரிக்கப் பங்குகளை வாங்கும் தமிழர்கள் ஏராளம். அவர்கள் விரும்பி வாங்குவதில் ஒன்று தைவானின் சிப் நிறுவனமான டிஎஸ்எம்சி. நியூயார்க்கில் கிடைப்பது அதன் ரசீது. ஒரு ரசீதில் ஐந்து பங்குகள். தைவானில் பங்கைப் புதிதாக ரசீதாக்கக் கட்டுப்பாடு இருப்பதால், 2024-ல் பல மாதங்கள் அந்த ரசீது தைபே விலையைவிட 15 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்து விற்றது. வாங்கியவர் நிறுவனத்துக்கு ஒரு விலையும், அடைபட்ட வழிக்கு இன்னொரு விலையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார். கட்டுப்பாடு தளரும் நாளில் அந்த இரண்டாவது விலை கரைந்துபோகும். நிறுவனம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

எனவே வெளிநாட்டு நிறுவனத்தின் ரசீதை வாங்கும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். ஒரு ரசீதில் எத்தனை பங்குகள்? சொந்த நாட்டு விலையோடு கணக்குப் போட்டால் வித்தியாசம் எவ்வளவு? ரசீதைப் பங்காகவும், பங்கை ரசீதாகவும் மாற்ற இன்று வழி இருக்கிறதா? முதல் இரண்டுக்கும் ஐந்து நிமிடம் போதும். மூன்றாவதற்குத் தெளிவான பதில் கிடைக்காமல் பெரிய தொகையைப் போடாதீர்கள்.