விட்ஜெட் ஏன் பழைய கதை சொல்கிறது?

காலை ஆறு மணிக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. போனின் முகப்புத் திரையில் உள்ள வானிலை விட்ஜெட் மட்டும் 31 டிகிரி, தெளிந்த வானம் என்கிறது. அது முந்தின இரவு பத்தரை மணி நிலவரம். ஆப் கெட்டுவிட்டது என்று அதை நீக்கிவிட்டு வேறொன்றைப் போடுகிறவர்கள் உண்டு. நாலு நாளில் அதுவும் இப்படியே நின்றுபோகும். காரணம் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு பேட்டரியைக் காக்கும் விதத்தில் இருக்கிறது.

விட்ஜெட் ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில் அது, ஆப் கடைசியாக விழித்திருந்தபோது முகப்புத் திரையிடம் வரைந்து கொடுத்துவிட்டுப் போன படம். ரேஷன் கடை வாசலில் சாக்பீஸால் எழுதிய இருப்புப் பலகை மாதிரி, யாராவது வந்து திருத்தி எழுதும்வரை பழைய எண்தான் நிற்கும். ஆப் தூங்கிப்போனாலும் படம் மங்காது. சிக்கலே இதுதான்: பழசாகிவிட்ட எண்ணும் புதுசு போலவே பளிச்சென்று இருக்கும்.

அந்த ஆப் எத்தனை முறை விழிக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. விட்ஜெட்டுக்கென்று ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் புதுப்பிப்பு ஏற்பாட்டில் குறைந்தபட்ச இடைவெளி 30 நிமிடம். பின்னணி வேலையாகப் பதிந்துகொண்டால் 15 நிமிடம். அதுவும் சொன்ன நிமிடத்தில் நடக்கும் என்ற உறுதி கிடையாது. ஆகவே அரை மணி நேரப் பின்தங்கல் கோளாறே அல்ல.

இரவில் நடப்பது வேறு. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 பதிப்பிலிருந்து ‘டோஸ்’ என்றொரு உறக்கநிலை இருக்கிறது. சார்ஜரில் இல்லாத போனை, திரையை அணைத்து மேஜைமேல் அசையாமல் வைத்துவிட்டால், சிறிது நேரத்தில் போன் அந்த நிலைக்குப் போகும். பின்னணி ஆப்களுக்கு இணையம் துண்டிக்கப்படும், அவற்றின் வேலைகள் தள்ளிப்போடப்படும். நடுவில் சிறு சிறு இடைவேளைகளில் மட்டும் எல்லா ஆப்களும் சேர்ந்து மூச்சு விட்டுக்கொள்ளலாம். நேரம் போகப்போக அந்த இடைவேளைகளும் அரிதாகும். பத்தரை மணிக்கு வைத்த போனில் காலையிலும் பத்தரை மணி வானிலை இருக்கக் காரணம் இதுதான். போனைக் கையில் எடுத்துத் திரையைப் போட்டதும் உறக்கம் கலையும், சில நிமிடங்களில் எண்ணும் மாறும். அப்படி மாறினால் நீங்கள் எதையும் தொட வேண்டாம்.

நாள்கணக்கில் மாறாமல் நின்றால்தான் கவனிக்க வேண்டும். ஆப்பைத் திறந்து பாருங்கள். திறந்ததும் உள்ளே புதிய நிலவரம் வந்து, விட்ஜெட்டும் திருந்தி, மறுநாள் மறுபடி உறைந்தால், போன் அந்த ஆப்பைப் பின்னணியில் அனுமதிக்கவில்லை என்று பொருள். பல நிறுவனங்கள் ஆண்ட்ராய்டின் விதிகளுக்கு மேல் தங்கள் சொந்த விதிகளையும் போடுகின்றன. சாம்சங் போன்களில் Deep sleeping apps என்ற பட்டியல் இருக்கும். அதில் சேர்ந்த ஆப் நாம் திறந்தால்தான் ஓடும். Force stop அழுத்திய ஆப்பும் அப்படித்தான். ஆண்ட்ராய்டு 15-இல் அப்படி நிறுத்தப்பட்ட ஆப்பின் விட்ஜெட் சாம்பல் நிறமாகிவிடுகிறது. நல்ல மாற்றம்; பழைய எண்ணைப் பார்த்து ஏமாற வழியில்லை.

வீட்டு வைஃபையில் ஒழுங்காக மாறி, வெளியே போனதும் நின்றால் Data Saver-ஐப் பாருங்கள். அது மொபைல் டேட்டாவில் பின்னணி இணையத்தை நிறுத்திவிடும். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த பிறகும் மதுரை வானிலையே தெரிந்தால் சிக்கல் இட அனுமதியில் இருக்கலாம். ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும் என்று அனுமதித்திருந்தால், பின்னணியில் நீங்கள் ஊர் மாறியது அதற்குத் தெரியாது. ஆப்புக்குள் புதியது வந்தும் விட்ஜெட் மட்டும் பழசாகவே நின்றால், விட்ஜெட்டை எடுத்துவிட்டு மறுபடி வைப்பதே எளிய வழி.

பின்னணித் தடையை நீக்க, செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய் Battery என்பதில் Unrestricted-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில போன்களில் Autostart அனுமதியும் தனியாகத் தர வேண்டியிருக்கும். கண்ணில் பட்ட ஆப்புக்கெல்லாம் இதைக் கொடுத்தால் பேட்டரி இறங்கும்; உண்மையிலேயே தேவைப்படும் ஒன்றிரண்டுக்குப் போதும். கொடுத்தாலும் அந்த 30 நிமிட, 15 நிமிட வரம்புகள் தளராது.

எனவே மழை எச்சரிக்கை போன்ற அவசரத் தகவலுக்கு விட்ஜெட்டை நம்பாதீர்கள். அதே ஆப்பில் எச்சரிக்கை அறிவிப்பு வசதி இருந்தால் அதை இயக்கி வையுங்கள். அவசரம் என்று குறித்து அனுப்பப்படும் அறிவிப்பு, உறங்கும் போனையும் எழுப்பிவிடும். விட்ஜெட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, கடைசியாகப் புதுப்பித்த நேரத்தைக் காட்டும் விட்ஜெட்டையே வையுங்கள். எண்ணைப் படிக்கும் முன் அந்த நேரத்தைப் படியுங்கள்.