ஒரே ஒரு காணொளியில் மட்டும் மஞ்சள் டாலர்

யூடியூப் சேனல் நடத்துகிறவர்கள் Studio-வைத் திறந்ததும் முதலில் பார்ப்பது டாலர் குறியைத்தான். எல்லாக் காணொளிகளுக்கும் பச்சையாக இருக்க, ஒன்றில் மட்டும் மஞ்சள் தெரிந்தால் பதற்றம் வந்துவிடுகிறது. சேனலையே முடக்கிவிட்டார்களோ, ஸ்டிரைக் விழுந்துவிட்டதோ என்று பலரும் பயப்படுகிறார்கள். இரண்டும் இல்லை. அந்தக் காணொளி பெரும்பாலான விளம்பரதாரர்களுக்கு ஏற்றதல்ல என்று யூடியூபின் கணினி கணித்திருக்கிறது; மஞ்சளின் பொருள் அவ்வளவுதான். அதில் விளம்பரம் குறைவாக வரும், அல்லது வராமலே போகும். யூடியூப் பிரீமியம் சந்தாதாரர்கள் பார்த்தால் அதற்கான பங்கு அப்போதும் கிடைக்கும். மற்றக் காணொளிகளின் வருமானத்தில் அது கை வைப்பதில்லை.

2017-இல் தங்கள் விளம்பரங்கள் வெறுப்புப் பேச்சுக் காணொளிகளில் ஓடுவதைக் கண்டு பெரிய நிறுவனங்கள் யூடியூபிலிருந்து விலகின. மஞ்சள் குறி அந்த ஆண்டில்தான் வந்தது. அதனால் காணொளி நல்லதா கெட்டதா என்பதல்ல இங்கே கேள்வி. ஒரு சோப்பு நிறுவனம் தன் விளம்பரத்தை அதன் பக்கத்தில் வைக்கத் தயங்குமா என்பதுதான் கேள்வி.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் பன்னிரண்டு நிமிடக் காணொளி போடுகிறார். கட்டுப் போடாதே, கடிவாயைக் கீறாதே, உடனே அரசு மருத்துவமனைக்குப் போ என்று உயிர் காக்கும் விஷயங்களைத்தான் சொல்கிறார். ஆனால் தம்ப்நெயிலில் வீங்கி அழுகிய காலின் படம். தலைப்பில் "துடிதுடித்துச் செத்தார்". கணினி இதை அதிர்ச்சியூட்டும் காட்சி என்று கணிக்கிறது, மஞ்சள் விழுகிறது. பாடத்தின் நோக்கத்தை அது சரியாக உணராமல் போகலாம். மனிதர் பார்த்தால் உணர்வார். அதற்காகத்தான் மறுபரிசீலனை.

Studio-வில் Content பக்கத்துக்குப் போய் Monetization என்ற பத்தியில் அந்த மஞ்சள் குறியின் மேல் சுட்டியை வைத்தால் சின்னப் பெட்டி ஒன்று விரியும். விளம்பரம் ஏன் மட்டுப்படுத்தப்பட்டது என்பதும், மறுபரிசீலனை கேட்கும் Request review என்ற இணைப்பும் அங்கேதான் இருக்கும். பார்த்த வேகத்தில் அதை அழுத்திவிடுவதுதான் பலரும் செய்கிற தவறு. ஒரு காணொளிக்கு ஒரு முறைதான் கேட்க முடியும். பரிசீலிப்பவர் காணொளியோடு தலைப்பு, தம்ப்நெயில், விவரக்குறிப்பு, குறிச்சொற்கள் எல்லாவற்றையும் சேர்த்தே பார்ப்பார். அவர் சொல்வதே இறுதி.

ஆகவே நம் பாம்புக்கடிக் காணொளிக்காரர் முதலில் அழுகிய காலை எடுத்துவிட்டு, மருத்துவமனை வாசலோ பாம்பின் படமோ வைக்க வேண்டும். தலைப்பு "பாம்பு கடித்தால் முதல் ஒரு மணி நேரம்" என்று இருக்கட்டும். உள்ளே காயத்தை நெருக்கத்தில் காட்டும் இடம் நீளமாக இருந்தால் Studio-வின் எடிட்டரிலேயே வெட்டலாம், மங்கலாக்கலாம். விளம்பரதாரர் வழிகாட்டுதலை ஒரு முறை பொறுமையாகப் படித்துவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். காணொளியை அழித்துவிட்டு அப்படியே மறுபடி ஏற்றுவதில் பயன் இல்லை. அதே காட்சிகளைத்தான் கணினி மறுபடி பார்க்கும். இதுவரை சேர்ந்த பார்வைகளும் கருத்துகளும் போனதுதான் மிச்சம்.

கேட்ட பிறகு அதே டாலர் குறியின் மேல் சுட்டியை வைத்துப் பார்த்தால் பரிசீலனை நடக்கிறதா, முடிந்ததா என்று தெரியும். ஏழு நாள் வரை ஆகலாம். முடிவு மின்னஞ்சலிலும் வரும். பச்சையானால் அன்றிலிருந்து விளம்பரம் வழக்கம்போல் ஓடும். மஞ்சளே நீடித்தால் மனிதர் பார்த்து உறுதி செய்துவிட்டார் என்று பொருள். அதற்கு மேல் போராடாமல் அடுத்த காணொளியைக் கவனிப்பதே நல்லது.

இதில் ஒரு நியாயமான வருத்தம் உண்டு. ஒரு காணொளிக்குக் கூட்டம் வருவது பெரும்பாலும் முதல் சில நாள்களில்தான். மறுபரிசீலனை முடிந்து பச்சை வருவதற்குள் அந்தக் கூட்டம் கலைந்துவிடலாம். மஞ்சளாக இருந்த நாள்களில் ஓடாத விளம்பரத்துக்குப் பிறகு பணம் வராது. எனவே நோய், விபத்து, குற்றம், போர் என்று சர்ச்சைக்கு இடமுள்ள எதையாவது பேசினால், காணொளியை உடனே வெளியிடாதீர்கள். முதலில் Unlisted ஆக ஏற்றி, கணினியின் சோதனை முடிந்து டாலர் எந்த நிறத்தில் வருகிறது என்று பாருங்கள். மஞ்சள் வந்தால் திருத்தி, மறுபரிசீலனை கேட்டு, முடிவு வந்த பிறகு Public ஆக்குங்கள்.